ஓடுபாதையில் ஒரு 0/0

சாங்கி விமான நிலைய ஓடுபாதையின் நீளம் 4 கிலோமீட்டர். புறப்படும் விமானம் அதில் நின்ற நிலையிலிருந்து ஓடத் தொடங்கி, வேகம் கூடிக் கூடி, பாதை முடிவதற்குள் மேலெழ வேண்டும். ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் விமானிகள் ஒரு வேகத்தைக் கணக்கிட்டு வைத்துக்கொள்வார்கள். அந்த வேகத்தைத் தாண்டிவிட்டால், ஏதேனும் கோளாறு தெரிந்தாலும் நிறுத்தாமல் பறக்கத்தான் வேண்டும். மிஞ்சியிருக்கும் பாதை பிரேக் போட்டு நிற்கப் போதாது.

அப்படியானால் விமானிக்குத் தேவை சராசரி வேகம் அல்ல, இந்த நொடியின் வேகம். அதை எப்படிக் கணக்கிடுவது?

கணக்கு எளிதாக இருக்க, விமானம் t விநாடிகளில் s = t² மீட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 30ஆவது விநாடியில் அது 30² = 900 மீட்டர் கடந்திருக்கும். தூரத்தை நேரத்தால் வகுத்தால் 900/30, அதாவது விநாடிக்கு 30 மீட்டர். ஆனால் இது தொடக்கத்திலிருந்து கணக்கிட்ட சராசரி. விமானம் மெதுவாக நகர்ந்த முதல் சில விநாடிகளும் இதில் கலந்திருக்கின்றன.

சரியாக 30ஆவது விநாடியின் வேகம் வேண்டுமென்றால், 30க்கு மிக அருகில் உள்ள இன்னொரு நேரம் t-ஐ எடுத்து, அந்தச் சிறு இடைவெளியின் சராசரியைப் பார்க்க வேண்டும்:

(t² − 900) / (t − 30)

இடைவெளியே இல்லாமல் செய்துவிடலாமே என்று t = 30 எனப் போட்டால், மேலே 900 − 900 = 0, கீழே 30 − 30 = 0. கிடைப்பது 0/0.

இந்த இடத்தில் என் வகுப்பில் மூன்று விதமான பதில்கள் வரும். ஒருவர் 0 என்பார், ஒருவர் 1 என்பார், இன்னொருவர் கால்குலேட்டர் தவறு காட்டுகிறது என்பார். கால்குலேட்டர் சொல்வதுதான் சரி. 12/3 = 4 என்று ஏன் சொல்கிறோம்? 3 × 4 = 12 என்பதால். அதேபோல 0/0-இன் விடையைத் தேடினால், எந்த எண்ணை 0 ஆல் பெருக்கினாலும் 0 வருகிறது. 5ம் பொருந்தும், 60ம் பொருந்தும். எதையும் தேர்ந்தெடுக்க வழியில்லை. அதனால்தான் இதைத் தேறப்பெறாத வடிவம் என்கிறோம்.

ஆகவே t-ஐ 30 ஆக்காமல், 30-ஐ நெருங்கவிட்டுப் பார்ப்போம்.

t = 29 எனில் விடை 59
t = 29.9 எனில் 59.9
t = 30.1 எனில் 60.1
t = 31 எனில் 61

இரு பக்கத்திலிருந்தும் விடை 60-ஐ நோக்கி வருகிறது. இப்படி நெருங்கிச் செல்லும் எண்ணைத்தான் எல்லை என்கிறோம். ஆனால் நான்கு எண்களைப் பார்த்து ஊகித்தால் போதாது. காரணம் தெரிய வேண்டும். அதைக் காட்டுவது காரணிப்படுத்தல்:

t² − 900 = (t − 30)(t + 30)

எனவே (t² − 900)/(t − 30) = t + 30. t ஆனது 30-ஐ நெருங்கும்போது இது 60-ஐ நெருங்கும். விநாடிக்கு 60 மீட்டர் என்றால் மணிக்கு 216 கிலோமீட்டர். சராசரியை நம்பியிருந்தால் மணிக்கு 108 என்று நினைத்திருப்போம். பாதிக்குப் பாதி தவறு!

(t − 30)-ஐ அடித்துவிட்டோமே, அது 0 ஆனால் அடிக்கலாமா? நல்ல கேள்வி. எல்லை காணும்போது t ஆனது 30-ஐ நெருங்குகிறது, 30 ஆவதில்லை. ஆகவே t − 30 எவ்வளவு சிறியதானாலும் 0 அல்ல, அடிப்பதில் தவறில்லை. t = 30 என்ற ஒரே புள்ளியில் பழைய கோவைக்கு மதிப்பு இல்லை, t + 30-க்கு இருக்கிறது. மற்ற எல்லா இடத்திலும் இரண்டும் ஒன்றே.

இந்தக் கேள்வி பழையது. 1150இல் பாஸ்கரர் எழுதிய லீலாவதியில் இப்படி ஒரு கணக்கு வருகிறது: ஓர் எண்ணை 0 ஆல் பெருக்கி, வந்ததோடு அதில் பாதியைக் கூட்டி, 3 ஆல் பெருக்கி, 0 ஆல் வகுத்தால் 63; அந்த எண் எது? பெருக்கிய பூஜ்ஜியமும் வகுத்த பூஜ்ஜியமும் ஒன்றையொன்று நீக்கிவிடும் என்று கொண்டு 14 என விடை தருகிறார். இன்று நாம் அந்தப் பூஜ்ஜியத்துக்குப் பதிலாக, பூஜ்ஜியத்தை நெருங்கும் h என்று எழுதுவோம். h-ஐ அடித்தபின் 4.5x = 63, ஆகவே x = 14. விடை அதேதான், அடிப்பதற்கான காரணம் மட்டும் இப்போது தெளிவாக இருக்கிறது.

இனி, தேர்வுத்தாளில் அதிகம் பார்க்கும் பிழை. x ஆனது 3-ஐ நெருங்கும்போது

(x² − 5x + 6) / (x² − 9)

இதன் எல்லை என்ன? x = 3 எனில் 0/0. சிலர் மேலும் கீழும் உள்ள x²-ஐ அடித்துவிடுவார்கள். மிஞ்சுவது (−5x + 6)/(−9). அதில் 3-ஐப் போட்டால் 1. பார்க்க அழகான விடை, ஆனால் தவறு. x² இங்கே கூட்டலில் உள்ள ஓர் உறுப்பு, காரணி அல்ல. மொத்தத்தையும் பெருக்கி நிற்பதை மட்டுமே அடிக்கலாம். சரியான வழி:

(x − 2)(x − 3) / (x + 3)(x − 3) = (x − 2)/(x + 3)

x = 3 எனில் 1/6. சந்தேகம் இருந்தால் பழைய கோவையில் x = 3.01 போட்டுப் பாருங்கள். 0.0101/0.0601, அதாவது ஏறத்தாழ 0.168 வரும். இது 1/6-க்கு அருகில் இருக்கிறது. 1-க்கு அருகில் இல்லை. அரை நிமிடச் சோதனை, பிழையைப் பிடித்துவிடும்.

எந்தக் காரணியைத் தேடுவது என்றும் குழம்ப வேண்டாம். ஒரு பல்லுறுப்புக் கோவை x = 3-இல் 0 ஆனால், (x − 3) அதன் காரணியாக இருந்தே தீரும். இதுதான் காரணித் தேற்றம். மேலும் கீழும் 0 ஆனால் இரண்டிலும் அது ஒளிந்திருக்கிறது.

அடித்த பிறகு மறுபடியும் 0/0 வந்தால் மறுபடியும் காரணிப்படுத்துங்கள். கீழே மட்டும் 0 நின்றால் கதை வேறு. (x − 3)/(x² − 6x + 9) என்பதில் ஒரு (x − 3) போனபின் 1/(x − 3) மிஞ்சும். x = 3.01 எனில் 100, x = 2.99 எனில் −100. இரு பக்கமும் ஒரே எண்ணை நெருங்கவில்லை. ஆகவே எல்லை இல்லை. “எல்லை இல்லை” என்பதும் முழு மதிப்பெண் பெறும் விடைதான்.

முயன்று பாருங்கள்

1. x ஆனது 4-ஐ நெருங்கும்போது (x² − 16)/(x² − 3x − 4)

2. x ஆனது 2-ஐ நெருங்கும்போது (x² + x − 6)/(x² − 4x + 4)

3. தரையிறங்கிய விமானம் ஒன்று t விநாடிகளில் s = 70t − t² மீட்டர் ஓடுகிறது. 10ஆவது விநாடியில் அதன் வேகம் என்ன?

விடைகள்: 1) 8/5. 2) எல்லை இல்லை. 3) விநாடிக்கு 50 மீட்டர்.