கர்ப்பிணிக்குச் சமைக்கிறீர்களா? குளிர்பதனப் பெட்டியை மட்டும் நம்பாதீர்கள்

உங்கள் மகளோ மருமகளோ கர்ப்பமாக இருந்தால், லிஸ்டீரியா என்ற கிருமியைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள். இது குளிர்பதனப் பெட்டிக்குள்ளும் மெதுவாகப் பெருகும். உணவின் மணமும் சுவையும் மாறாமல் இருக்கலாம். தாய்க்கு லேசான காய்ச்சலும் உடல்வலியும் மட்டுமே வந்தாலும், கரு கலையவோ குழந்தை இறந்து பிறக்கவோ கூடும். முதியவர்களுக்கும் இக்கிருமி ஆபத்தானது.

2018ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவில் ராக்மெலன் பழத்தால் 22 பேருக்கு இந்நோய் வந்தது. ஏழு பேர் இறந்தனர். ஒரு கரு கலைந்தது. அந்தப் பண்ணையின் பழங்கள் சிங்கப்பூரிலும் திரும்பப் பெறப்பட்டன. பழத்தின் தோலில் உள்ள கிருமியை வெட்டும் கத்தி உள்ளே கொண்டுசெல்லும். ஆகவே தேக்கா சந்தையில் வெட்டி வைத்த பழத்தைத் தவிர்த்து, முழுப் பழமாக வாங்குங்கள். ஓடும் நீரில் தோலைத் தேய்த்துக் கழுவி, வெட்டியவுடன் சாப்பிடக் கொடுங்கள்.

நல்ல சூடு இக்கிருமியைக் கொல்லும். மீந்த மீன் குழம்பை இரண்டு மணி நேரத்துக்குள் பெட்டியில் வையுங்கள். மறுநாள் தேவையான அளவை மட்டும் எடுத்து, நன்கு கொதிக்கவிட்டுப் பரிமாறுங்கள். பதப்படுத்தாத பாலைப் பொங்கக் காய்ச்சுங்கள். கடையில் வாங்கும் வடை சூடாக இருந்தாலும், வெகுநேரம் வெளியே இருந்த சட்னி வேண்டாம். அரைவேக்காட்டு முட்டையில் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம். மஞ்சள் கரு கெட்டியாகும்வரை வேகவையுங்கள்.

லிஸ்டீரியா காய்ச்சல், சாப்பிட்டுச் சில வாரங்கள் கழித்தும் வரலாம். கர்ப்பிணிக்குக் காய்ச்சல் வந்தால் உடனே மருத்துவரிடம் அழைத்துச் சென்று, அண்மையில் சாப்பிட்டவற்றையும் சொல்லுங்கள்.