வாங்கின பிறகும் துரத்தும் விளம்பரம்

விழுப்புரத்துல மண் விநாயகர் சிலை விற்கும் ஒரு ஆன்லைன் கடைன்னு வைத்துக்கொள்வோம். திண்டிவனத்துல ஒருத்தர் சிலையைப் பார்த்துட்டு வாங்காமப் போயிட்டார். அவருக்கு மறுபடி விளம்பரம் காட்டுறதுதான் ரீடார்கெட்டிங்.

கூகுள் ஆட்ஸ்ல பார்வையாளர் பட்டியலின் காலம் வழக்கமா 30 நாள். சிலை வாங்க யோசிக்க ஒரு வாரம் போதும். 7 நாள்னு மாத்துங்க. ஃப்ரீக்வென்சி கேப் ஆளுக்கு ஒரு நாளைக்கு 2 முறை. சதுர்த்தியோட விளம்பரத்தை நிறுத்திடுங்க.

பணம் கட்டினதும் வரும் நன்றிப் பக்கத்தைப் பார்த்தவங்களைத் தனிப் பட்டியலாக்கி விலக்கணும். அந்தப் பட்டியலுக்கு 3 நாள்தான் கொடுத்தா, 4-ஆம் நாள் வாங்கினவருக்கே விளம்பரம் திரும்ப வரும். ஏன்னா பார்வையாளர் பட்டியல்ல அவர் இன்னும் இருக்கார். அதனால வாங்கினவர் பட்டியலின் காலம் எப்பவும் நீளமா இருக்கணும். இங்கே 30 நாள் வைக்கலாம்.