அழகர் கதையை எந்தத் தமிழில் சொல்வது?

சித்திரைத் திருவிழாவில் அழகர் வைகைக்கு வரும் கதையைப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்கிறீர்களா? ஏழெட்டு வயதுக்குள் என்றால் முழுக்கப் பேச்சு வழக்கிலேயே சொல்லுங்கள்: "தங்கச்சி கல்யாணத்துக்கு அழகரு மலையில இருந்து கெளம்பி வர்றாரு. வைகைக்கு வந்தா, கல்யாணம் முடிஞ்சு போச்சுங்கிறாங்க! கோவிச்சுக்கிட்டு வண்டியூர்ப் பக்கம் போயிட்டாரு." 'புறப்பட்டு வருகிறார்' என்றால் அந்த வயதில் பாடம் நடத்துவதுபோல் தோன்றும், பிள்ளை நழுவிவிடும்.

பள்ளி விழாவிலோ, பல ஊர்க்காரர்கள் கூடிய அரங்கிலோ அதே கதை என்றால், விவரிப்பு திருத்தமான தமிழில் இருக்கட்டும். கதைமாந்தர் பேச்சை மட்டும் வழக்கில் விடுங்கள். 'அங்கிட்டு', 'இங்கிட்டு' போன்ற மதுரைச் சொற்கள் அந்தப் பேச்சுக்குள் வந்தால்தான் ருசி. விவரிப்பில் வந்தால் சென்னைப் பிள்ளை அர்த்தம் கேட்கும்.

கதையின் பொருளும் முக்கியம். அழகர் கதையை விட்டு வரலாற்றுக்குப் போய், கீழடி அகழாய்வு, கி.மு. 6ஆம் நூற்றாண்டு என்றெல்லாம் வரும்போது, சின்னவர்களிடமும் ஆண்டையும் பெயரையும் நிறுத்தித் தெளிவாகச் சொல்லிவிட்டு, விளக்கத்தை வழக்கில் கொடுக்கலாம். பெரியவர்கள் அவையில் சாமி கதைக்கு மரியாதை விகுதி தவறக்கூடாது. பேச்சு வழக்கில் வரும் இடத்திலும் 'வந்தாரு' போதும், 'வந்தான்' வேண்டாம்.

பெரும்பாலும் சறுக்குவது வினைமுற்றில்தான். விவரிப்பில் ஒரு வாக்கியம் 'வந்தார்' என்றும் அடுத்தது 'கெளம்புனாரு' என்றும் முடிந்தால் காது இடறும். இரண்டு நிமிடம் போனில் பதிவு செய்து, வாக்கிய முடிவுகளை மட்டும் கேட்டுப் பாருங்கள்.