ஆர்டரைத் தனித்தனியாக எடுப்பதா, சேர்த்து எடுப்பதா? சிறு குடோனுக்கு ஒரு நடைக்கணக்கு

டி-ஷர்ட், லெக்கிங்ஸ், இரவு உடை என்று ஆன்லைனில் விற்கும் திருப்பூர் வியாபாரி ஒருவரின் குடோனை எடுத்துக்கொள்வோம். ஒரு ஆர்டர் தாளை எடுப்பது, ரேக்குக்குப் போவது, துணியை எடுத்துக்கொண்டு பேக்கிங் டேபிளுக்குத் திரும்புவது, பிறகு அடுத்த தாள். நாளுக்குப் பத்துப் பதினைந்து ஆர்டர் வரும்வரை இந்த முறையே போதும். ஐம்பது அறுபது ஆனதும், எடுக்கிற ஆள் துணியைத் தொடும் நேரத்தைவிட நடக்கும் நேரம் அதிகமாகிவிடும். அப்போது பல ஆர்டர்களைச் சேர்த்து, ரேக் வரிசைப்படி ஒரே சுற்றில் எடுக்கலாம். அப்படிச் சேர்த்து எடுப்பதில் இரண்டு வகை உண்டு. மொத்தமாக அள்ளி வந்து டேபிளில் பிரிப்பது ஒன்று. எடுக்கும்போதே ட்ராலியில் ஆர்டர்வாரியாகப் பிரித்துப் போடுவது இன்னொன்று. எது யாருக்குப் பொருந்தும் என்பதை மீட்டரும் விநாடியும் வைத்துத்தான் சொல்ல முடியும்.

குடோனில் A முதல் E வரை ஐந்து சந்துகள். ஒவ்வொன்றும் 10 மீட்டர் நீளம். ஒரு சந்திலிருந்து அடுத்த சந்துக்கு 2 மீட்டர். பேக்கிங் டேபிள் A சந்தின் முகப்பில் இருக்கிறது. கையில் ஆறு ஆர்டர், மொத்தம் பத்து பீஸ். முதல் ஆர்டருக்கு A-யில் 3 மீட்டர் உள்ளேயும் D-யில் 7 மீட்டர் உள்ளேயும் ஒவ்வொரு பீஸ். போய்த் திரும்ப 32 மீட்டர். இரண்டாவதற்கு B-யில் 8 மீட்டர் உள்ளே ஒரே பீஸ்: 20 மீட்டர். மூன்றாவதற்கு D-யில் 5, E-யில் 2: 30 மீட்டர். நான்காவது A-யில் 6, C-யில் 4: 28. ஐந்தாவது E-யில் 9 மீட்டர் உள்ளே ஒரே பீஸ்: 34. ஆறாவது C-யில் 8, D-யில் 3: C-யில் உள்ளே போய்ப் பின்பக்கமாக D-யில் வெளியே வந்தால் 32. கூட்டினால் 176 மீட்டர்.

இதே பத்து பீஸையும் ஒரே சுற்றில் எடுத்துப் பாருங்கள். A வழியாக உள்ளே போய், B வழியாக வெளியே வந்து, C-யில் உள்ளே, D-யில் வெளியே என்று பாம்பு வளைவதுபோல நடந்து, கடைசியாக E-யில் 9 மீட்டர் போய்த் திரும்பி டேபிளுக்கு வந்தால் 74 மீட்டர்தான். ஏறக்குறைய 100 மீட்டர் மிச்சம். ரேக்குகளுக்கு நடுவே நடக்கும் வேகத்தில் அது சுமார் ஒன்றரை நிமிடம்.

இந்த வளைவு நடைக்குச் சந்தின் பின்பக்கம் திறந்திருக்க வேண்டும். பல குடோன்களில் அங்கே அட்டைப்பெட்டிகளை அடுக்கி வழியை அடைத்திருப்பார்கள். அப்போது ஒவ்வொரு சந்திலும் போன வழியே திரும்ப வேண்டும். மேலே சொன்ன சுற்று 92 மீட்டராகும். அப்போதும் லாபம்தான், ஆனால் பெட்டிகளை நகர்த்தினால் சுற்றுக்கு 18 மீட்டர் குறையும்.

பத்து பீஸையும் ஒரே கூடையில் அள்ளிக் கொண்டுவந்து டேபிளில் கொட்டினால், யாருக்கு எது என்று பிரிக்க வேண்டும். லேபிளைப் பார்த்து, தாளில் தேடி, உரிய குவியலில் வைக்க ஒரு பீஸுக்கு 6 விநாடி என்று வைத்தாலும் ஒரு நிமிடம் போய்விடும். நடையில் மிச்சம் பிடித்த ஒன்றரை நிமிடத்தில் பெரும்பகுதி டேபிளில் கரைகிறது. பெரிய கிடங்கில் நடைதூரம் மிக அதிகம் என்பதால் இந்தச் செலவு தெரியாது. சிறு குடோனில் இதுதான் கணக்கையே மாற்றுகிறது. உங்கள் இடத்தில் இதை ஒருமுறை ஸ்டாப்வாட்ச் வைத்துப் பாருங்கள்.

அதனால் இரண்டு, மூன்று பீஸ் உள்ள ஆர்டர்களுக்கு ட்ராலிதான் சரி. ஆறு அல்லது எட்டு ட்ரே வைத்து ஒவ்வொன்றிலும் பெரிதாக எண் ஒட்டுங்கள். எடுப்புப் பட்டியலில் ரேக் இடம், பொருள், சைஸ், எத்தனை பீஸ், எந்த ட்ரே என்று இருந்தால் எடுத்த கையோடு உரிய ட்ரேயில் போட்டுவிடலாம். டேபிளில் பிரிக்கும் வேலையே இல்லை. எட்டுக்கு மேல் போகாதீர்கள். ஆறு ஆர்டரிலேயே எல்லாச் சந்துகளையும் தொட்டுவிட்டோம். பன்னிரண்டு சேர்த்தாலும் நடை ஏறக்குறைய அதே 75 மீட்டர்தான். ஆர்டருக்கு 29 மீட்டராக இருந்தது ஆறில் 12 ஆனது. பன்னிரண்டில் 6 ஆகும். அந்த 6 மீட்டருக்காகப் பன்னிரண்டு ட்ரேயை இழுத்துக்கொண்டு குறுகிய சந்தில் திரும்புவது வீண். தவறான ட்ரேயில் போடும் வாய்ப்பும் கூடும்.

ஒரே பீஸ் உள்ள ஆர்டர்களின் கதை வேறு. அவற்றை மட்டும் தனியாகப் பிரித்து இருபது முப்பதாகக்கூட ஒரே கூடையில் அள்ளலாம். கறுப்பு டி-ஷர்ட் L சைஸ் ஐந்து பேருக்குப் போக வேண்டுமென்றால், ஐந்தில் எது யாருக்குப் போனாலும் ஒன்றுதான். பட்டியல் வரிசையிலேயே முகவரித் தாள்களையும் அடுக்கி வைத்தால் பீஸை எடுத்துத் தாளை ஒட்டிக்கொண்டே போகலாம். சேர்த்து எடுக்கப் புதிதாகத் தொடங்குபவர்கள் இங்கிருந்து தொடங்குவதே நல்லது.

இரண்டுக்கும் அடிப்படை, பட்டியல் நடைவரிசையில் வருவதுதான். ரேக்குக்கு A-2, A-10 என்று பெயர் வைத்தால் எக்செல் A-10-ஐ முன்னால் தள்ளிவிடும். A-02 என்று எழுதினாலும் B சந்தில் நாம் பின்னாலிருந்து முன்னால் வருகிறோம் என்பது அதற்குத் தெரியாது. அதனால் நடக்கும் பாதையில் ஒருமுறை நடந்து, ஒவ்வொரு ரேக்குக்கும் 10, 20, 30 என்று நடை எண் கொடுங்கள். இடையில் புது ரேக் வந்தால் 25 கொடுக்கலாம். `Location` என்ற ஷீட்டில் A பத்தியில் பொருள் கோடும் B பத்தியில் அதன் நடை எண்ணும், ஆர்டர் பட்டியலில் B பத்தியில் பொருள் கோடும் இருந்தால், அந்தப் பட்டியலில் இதைப் போட்டு, வரும் எண்ணை வைத்து வரிசைப்படுத்தினால் போதும்:

```
=VLOOKUP(B2,Location!A:B,2,FALSE)
```

சேர்த்து எடுக்கும்போது ஒரு புதுத் தவறு முளைக்கும்: ஒருவருக்குப் போக வேண்டிய M சைஸ் இன்னொருவருக்கும், அவருடைய L இவருக்கும் போய்விடும். ஒரே சுற்றில் போன இரண்டு ஆர்டரிலிருந்து ஜோடியாகப் புகார் வந்து, ரேக்கில் ஸ்டாக் சரியாகவும் இருந்தால் ட்ரே மாறியிருக்கிறது என்று பொருள். ஒருவர் மட்டும் புகார் சொல்லி, ஸ்டாக்கில் M ஒன்று கூடவும் L ஒன்று குறையவும் இருந்தால் ரேக்கிலேயே தவறாக எடுத்திருக்கிறார்கள். முன்னதற்கு மருந்து, ஒரே டிசைனின் இரு சைஸ் கேட்கும் ஆர்டர்களை வெவ்வேறு சுற்றில் போடுவது. பின்னதற்கு ரேக்கில் M, L இரண்டையும் பக்கத்தில் வைக்காமல் இருப்பது. மூன்று பீஸ் வேண்டிய இடத்தில் இரண்டுதான் இருக்கிறது என்றால் எடுப்பவரே முடிவு செய்யக் கூடாது; முதலில் வந்த ஆர்டருக்கு முதலில் என்று முன்பே சொல்லி வையுங்கள்.

பழைய முறையை முழுதாகக் கைவிடவும் வேண்டாம். சில்லறைக் கடைக்காரர் பதினைந்து இருபது பீஸ் கேட்கும் ஆர்டர், தானே ஒரு முழுச் சுற்று. அதைத் தனியாகவே எடுங்கள். கூரியர் வண்டி வரும் கடைசி அரைமணியில் வருவதையும் சேர்ப்பதற்காகக் காக்க வைக்காதீர்கள். மற்றபடி நாளுக்கு ஐம்பது ஆர்டரைத் தாண்டிய குடோனுக்கு என் சிபாரிசு இதுதான்: ஒற்றை பீஸ் ஆர்டர்களுக்கு ஒரு கூடை, இரண்டு மூன்று பீஸ் ஆர்டர்களுக்கு ஆறு ட்ரே ட்ராலி. மொத்தமாக அள்ளி வந்து டேபிளில் பிரிக்கும் முறை இந்த அளவுக் குடோனுக்கு வேண்டாம்.