பவர் பத்திரமும் பாங்கியும்

ஊர்ப் பாங்கியிலுள்ள என்.ஆர்.இ. கணக்கைத் தம்பியிடமோ மச்சானிடமோ ஒப்படைத்துவிட்டுச் சிங்கப்பூரில் வியாபாரம் பார்ப்பது நம்மவர் வழக்கம். பவர் பத்திரம் இருந்தால் எல்லாம் செய்யலாமென்று நினைத்துவிடுகிறோம். அது சரியல்ல.

நாகூரில் வீடு கட்டும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். கொத்தனார் கூலியையும் சிமெண்டு விலையையும் தம்பி அக்கணக்கிலிருந்து கொடுக்கலாம். ஆனால் தங்கை மகள் நிக்காஹுக்கு அன்பளிப்பாக ஒரு லட்சம் ரூபாய் கொடுக்கப் போனால் பாங்கி மறுக்கும். ரிசர்வ் பாங்கி விதி அப்படி. வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பினாலும் கணக்குடையவருக்கே அனுப்பலாம், பினாங்குப் பங்காளிக்கு அல்ல. அவர் பெயரில் புதுக் கணக்குத் திறக்கவும் தம்பிக்கு அதிகாரமில்லை.

பத்திரத்தை இங்கே நோட்டரி முன் கையொப்பமிட்டு, அப்போஸ்டில் சான்றும் பெற்று அனுப்பலாம். ஊர் சேர்ந்த 3 மாதத்துக்குள் அங்கே முத்திரைத் தீர்வை செலுத்தவேண்டும். பலர் கோட்டைவிடுவது இதில்தான்.

கணக்குடையவர் மவுத்தானால் பவரும் முடிந்தது. செய்தி தெரிந்தபின், அடக்கச் செலவுக்கென்று எடுத்தாலும், தம்பி வாரிசுகளுக்குப் பதில் சொல்லவேண்டும். நாமினி பெயரைப் பதிந்திருந்தால், குடும்பத்தார் பணத்துக்கு வெகுநாள் அலையவேண்டியிராது.