பென்சில் பாக்கெட் போட 650 ரூபாய் கட்டணுமா?

மத்தியானம் பாத்திரத்தைக் கழுவிக் கவுத்திட்டு, பிள்ளையத் தூங்கப் போட்டுட்டு, ஃபோனக் கையில எடுக்குற அந்த அரை மணி நேரம் இருக்கே தங்கச்சி, அதக் குறி வச்சுத்தான் இவங்க விளம்பரம் வரும். 'வீட்டில் இருந்தபடியே பென்சில் பேக்கிங். மாதம் 30,000. அட்வான்ஸ் 15,000. பதிவுக் கட்டணம் 650 மட்டுமே.' கீழ ஒரு வாட்ஸ்அப் நம்பர்.

சின்னமனூர்ல எங்க தெருவுல ஒரு பொண்ணு இருக்கு. கைக்குழந்தைக்காரி. முன்னாடி திராட்சைத் தோட்டத்துக்கு வேலைக்குப் போனவ, இப்பப் போக முடியல. திங்கக்கிழமை 650 கட்டிட்டா. சாயங்காலமே அவ போட்டோ ஒட்டின ஐடி கார்டு வாட்ஸ்அப்ல வந்துருச்சு, கூடவே 'கார்டு ஆக்டிவேஷன் 1,250'. கட்டினா. மறுநாள் டிரைவர்னு ஒருத்தன் பேசுறான்: "மேடம், வண்டி தேனி தாண்டியாச்சு. உங்க சரக்குக்கு ஜிஎஸ்டி 2,600 கட்டுனாத்தான் இறக்க முடியும்." அதையும் கட்டினா. புதன்கிழமை 'லேட் ஃபைன்' 3,900 கேட்டப்பதான் எங்கிட்ட ஓடி வந்தா. அதுக்குள்ள 4,500 போச்சு. வண்டியும் இல்ல, பென்சிலும் இல்ல.

திட்டணும்னுதான் வாயத் தொறந்தேன். அவ மூஞ்சியப் பாத்ததும் மனசு வரல. அந்தத் திட்ட இப்ப உனக்குத் தர்றேன், வாங்கிக்கோ.

1. காசு எந்தப் பக்கம் போகுதுன்னு பாரு. மத்த எதையும் பாக்க நேரமில்லன்னாலும் இத ஒண்ணப் பாத்துரு. நம்ம பூக்கடைக்காரர் என்ன பண்றாரு? உதிரிப்பூவ எடை போட்டு, நாரையும் குடுத்து விடுறாரு. கட்டிக் குடுத்தா கூலி. திருநெல்வேலிப் பக்கம் பீடி சுத்துறவங்களுக்கு இலையும் தூளும் கடைக்காரர்தான் குடுக்குறாரு, ஆயிரம் பீடிக்கு இவ்வளவுன்னு கூலி. வீட்டுல உக்காந்து செய்யுற கூலி வேலை நம்ம ஊருக்குப் புதுசு இல்ல. அதுல எங்கயும் வேலைக்காரி முதல்ல காசு கட்டினதா நீ கேட்டிருக்கியா? பதிவுக் கட்டணம், டெபாசிட், ஐடி கார்டு, ட்ரெயினிங், லாகின் ஃபீஸ்னு பேரு எதுவா இருந்தா என்ன, வேலை குடுக்கும் முன்ன உன் கையில இருந்து காசு போகுதுன்னா அதோட பேச்சு முடிஞ்சது. 'திருப்பித் தந்துருவோம்'னு ஒரு வார்த்தை சேத்துக்குவாங்க. திருப்பித் தர்ற காசு எதுக்குடி வாங்கணும்?

2. இந்த ஒரு கேள்வியக் கேளு. "அந்த 650-ஐ எனக்குத் தர்ற அட்வான்ஸ்ல கழிச்சுக்கோங்க அண்ணே." இவ்வளவுதான். 15,000 அட்வான்ஸ் தர்றவனுக்கு 650 கழிக்க என்ன கஷ்டம்? மீதி 14,350 அனுப்பினாப் போதுமே. "சிஸ்டம்ல அப்படி ஆப்ஷன் இல்ல", "கம்பெனி ரூல்", "இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள கட்டலைன்னா உங்க சீட்டு வேற ஆளுக்குப் போயிரும்"னு வரும் பதில். வந்ததும் நம்பரப் பிளாக் பண்ணு. அவங்கிட்ட நியாயம் பேசிட்டு நிக்காத, பேசியே பழகினவன் அவன்.

3. கணக்கப் போட்டுப் பாரு. ரெண்டு நிமிஷ வேலை. மாசம் 30,000, 26 நாள்னா ஒரு நாளைக்கு 1,150 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல. பத்துப் பென்சில் டப்பா கடையில அம்பது, அறுபது ரூபாய். அதுல கடைக்காரர் லாபம், மரம், கரி, லாரி வாடகை எல்லாம் போக, டப்பாவுல போடுற கூலிக்கு அம்பது காசு ஒதுக்குறதே பெருசு. அப்படிப் பாத்தா நாளைக்கு 2,300 டப்பா, அதாவது 23,000 பென்சில் நீ அடுக்கணும். எட்டு மணி நேரம் எந்திரிக்காம உக்காந்தாலும் நிமிஷத்துக்குக் கிட்டத்தட்ட அஞ்சு டப்பா. இதுக்கு அவன் சரக்க வெளியூர்ல இருந்து சின்னமனூருக்குக் கொண்டு வந்து, மறுபடியும் அள்ளிட்டுப் போகணுமாம். வாழைத்தாரத் தோட்டத்துல இருந்து மார்க்கெட்டுக்கு ஏத்துற வண்டிக்காரர்கிட்டக் கேட்டுப்பாரு, சிரிப்பாரு. மசாலா பாக்கெட், மெழுகுவத்தி, சோப்பு எது சொன்னாலும் இதே கணக்குத்தான்.

4. பெரிய கம்பெனி பேரப் பாத்து மயங்காத. நடராஜ், அப்சரா பென்சில் ரெண்டும் மும்பையில இருக்குற ஹிந்துஸ்தான் பென்சில்ஸ் கம்பெனியோடது. அவங்க பேரச் சொல்லி இந்த மோசடி நாடு பூராம் நடந்து, வீட்டுல வச்சுப் பேக் பண்ற வேலை எதையும் நாங்க தரலைன்னு அந்தக் கம்பெனியே எச்சரிக்கை விட்டிருக்கு. பேரு அவங்களது, வாட்ஸ்அப் நம்பர் திருடனோடது. விளம்பரத்துல இருக்குற நம்பருக்குப் போட்டுக் 'கம்பெனி நிஜமா'ன்னு கேக்காதடி, அது திருடன்கிட்டயே சாட்சி கேக்குற மாதிரி. கம்பெனி வெப்சைட்ட நீயே தேடிப் பிடிச்சு, அதுல இருக்குற நம்பருக்குப் பேசு. மோசடிப் பட்டியல்ல இந்தப் பேரு இல்லையேன்னும் நிம்மதியாகாத. 2023 டிசம்பர்ல மத்திய அரசு பகுதிநேர வேலை மோசடி வெப்சைட் நூத்துக்கு மேல முடக்குச்சு. புதுப் பேர்ல இன்னொண்ணு தொறக்க அவனுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

5. அவன் காட்டுற காகிதம் எதுக்கும் உதவாது. நம்ம பொண்ணு ஏமாந்தது இதுலதான். "நம்பலைன்னா என் ஆதாரையே பாத்துக்கோங்க"ன்னு அவன் ஒரு ஆதார் கார்டு அனுப்பியிருக்கான். திருடன் தன் ஆதார அனுப்புவானாடி? அது இவளுக்கு முன்ன ஏமாந்த எவரோ ஒருத்தர் 'ரெஜிஸ்ட்ரேஷனுக்கு'ன்னு அனுப்பினது. இப்ப இவ அனுப்பினது அடுத்தவளுக்குத் தூண்டில் ஆகும். 'உத்யம்' சர்டிபிகேட்டும் காட்டுவான், அரசாங்க முத்திரையோட பளபளன்னு இருக்கும். உத்யம் பதிவு இலவசம், ஆன்லைன்ல தானே விவரம் சொல்லிப் பதிஞ்சுக்குறது. அத வச்சு அவன் யோக்கியன்னு ஆகாது.

ஆதார், பேன், பாஸ்புக் முதல் பக்கம், செல்ஃபி நாலையும் சேத்து அனுப்பிராத. அது 650-ஐ விடப் பெரிய நஷ்டம். அனுப்பித் தொலச்சிருந்தா sancharsaathi.gov.in போயி, உன் பேர்ல எத்தனை சிம் ஓடுதுன்னு பாரு. தெரியாத நம்பர் இருந்தா 'என்னுது இல்ல'ன்னு அங்கயே சொல்லலாம்.

6. காசு அனுப்பும்போது வர்ற பேரப் படி. ஜிபே, ஃபோன்பேல பின் போடும் முன்ன, பேங்குல பதிவான பேரு திரையில வரும். பெரிய கம்பெனிக்குக் கட்டுறேன்னு நினைச்சுக்கிட்டு இருப்ப, அங்க வடநாட்டுப் பேர்ல யாரோ ஒரு தனி ஆள் இருப்பாரு. நம்ம பொண்ணு கட்டின மூணு தடவையும் மூணு வேற பேரு. அவ பாக்கவே இல்ல, பிள்ள அழுதுச்சாம். அப்புறம், 'அட்வான்ஸ் வாங்க பின் போடுங்க'ன்னா போட்டுராத. காசு வர்றதுக்குப் பின் தேவையே இல்ல.

7. ரெண்டாவது தடவை கேக்கும்போது நிறுத்து. 650-ல அவனுக்குப் பெருசா லாபமில்ல. 650 போட்டவ அத மீக்க 1,250 போடுவா, ரெண்டும் போகக்கூடாதுன்னு 2,600 போடுவா. அதுதான் அவன் பொழப்பு. ஜிஎஸ்டி பேரச் சொன்னா நாம பயந்துருவோம்னு தெரிஞ்சு வச்சிருக்கான். கூலிக்குப் பேக் பண்ணப் போறவ சரக்குக்கு ஜிஎஸ்டி கட்டணும்னு எங்கயும் கிடையாது. வரி, வியாபாரம் பண்றவன் பாடு. போன காசு போகட்டும், அடுத்தத அனுப்பாத.

8. 'கேஸ் போடுவோம்'னா நடுங்காத. இது டேட்டா என்ட்ரின்னு வர்றவங்க வேலை. ஃபீஸ் வாங்கிட்டு, அக்ரிமென்ட்ல ஆன்லைன்ல கையெழுத்து வாங்கிட்டு, 'தப்பு அதிகம், நஷ்டஈடு கட்டு'ன்னு வக்கீல் நோட்டீஸ் மாதிரி ஒண்ண வாட்ஸ்அப்ல அனுப்புவாங்க. டைப் அடிக்கிறதுல தப்பு வந்ததுக்காக யாரையும் போலீஸ் பிடிக்காது. நோட்டீஸோட ஒரு யூபிஐ நம்பரும் வந்தா, அது கோர்ட்டுல இருந்து வரலைன்னு புரிஞ்சுக்கோ. புருஷனுக்குத் தெரிஞ்சா வைவாருன்னு மூடி மறச்சுக் கட்டிட்டே இருக்காத. அந்தப் பயத்துலதான் அவன் வாழுறான்.

9. கட்டித் தொலச்சுட்டியா? 1930-க்குப் போடு. அழுறத அப்புறம் அழுதுக்கலாம். காசு அவன் கணக்குல இருக்குற வரைக்கும்தான் பேங்க் அதப் பிடிச்சு வைக்க முடியும், வேற கணக்குக்கு மாத்திட்டான்னா கஷ்டம். ஃபோன் போடும்போது கையில வச்சுக்க வேண்டியது: காசு போன தேதி, நேரம், தொகை, யூடிஆர் நம்பர் (ஜிபே, ஃபோன்பேல அந்தப் பேமென்ட்டத் தொட்டா வர்ற பன்னெண்டு இலக்கம்), அவன் ஃபோன் நம்பர், யூபிஐ ஐடி. வாட்ஸ்அப் பேச்ச ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வை. ஆத்திரத்துல அழிச்சுராத, அதுதான் சாட்சி. cybercrime.gov.in-லயும் புகார் எழுதலாம். நேர்ல போகணும்னா தேனியில மாவட்ட சைபர் க்ரைம் போலீஸ் இருக்கு. சின்னத் தொகைன்னு கூச்சப்படாத. உன் புகார்ல இருக்குற அதே கணக்கு நம்பர் இன்னும் எத்தனை பேரு புகார்ல இருக்கோ. முழுசாத் திரும்புமான்னா, உறுதி சொல்ல மாட்டேன்.

வேலை வேணும்னா tnprivatejobs.tn.gov.in-ல பதிஞ்சு வை. தமிழ்நாடு அரசோடது, பைசா கிடையாது. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் நடத்துற முகாமுக்கும் கட்டணம் இல்ல. அங்கயும் வீட்டுல உக்காந்து 30,000 தர்றேன்னு ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க, அதையும் இப்பவே சொல்லிர்றேன்.

நம்ம பொண்ணு மூணு நாள் தாமதமாத்தான் புகார் குடுத்தா. பத்து நாள் கழிச்சு அவளுக்கு ஒரு ஃபோன். "சைபர் க்ரைம்ல இருந்து பேசுறோம், உங்க 4,500 வந்துருச்சு, ஃபைல் சார்ஜ் 499 மட்டும் கட்டுங்க." இந்தத் தடவை அவ ஸ்பீக்கர்ல போட்டு, "4,500-ல கழிச்சுக்கோங்க அண்ணே"ன்னா. லைன் கட் ஆயிருச்சு.