சேலையைக் கூரியரில் போடுமுன்

காரைக்குடிக் கண்டாங்கியை ஆன்லைனில் விற்கத் தொடங்கும் பிள்ளைகளுக்கு, கைப்பணம் இழந்து நான் கற்றவை இவை.

1. திரும்பி வரும் சேலைக்கும் சேர்த்து விலை வையுங்கள். 900 ரூபாய்க்கு எடுத்த சேலையை 1,250க்கு விற்கிறீர்கள், கூரியர் 80, பேக்கிங் 15 என்று வைத்துக்கொள்வோம். கையில் நிற்பது 255. அதே சேலை திரும்பி வந்தால் போகவர 160, பேக்கிங் 15, ஆக 175 ரூபாய் நட்டம். பத்தில் இரண்டு திரும்பினால், எட்டுச் சேலையில் வந்த 2,040இல் 350 போய்விடும். கேஷ் ஆன் டெலிவரியில் இது இன்னும் கூடும். வாசலிலேயே வேண்டாம் என்பவர்களுக்கும் இரண்டு வழிச் செலவும் நம் தலையில்தான். புதிய வாடிக்கையாளரிடம் கூரியர் கட்டணத்தையாவது முன்பணமாக வாங்கிவிடுங்கள்.

2. கூரியர்காரர் எடையை மட்டும் பார்ப்பதில்லை, பொட்டலம் அடைக்கும் இடத்தையும் பார்ப்பார். நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கிப் பெரும்பாலும் 5,000ஆல் வகுப்பார்கள். அதில் வரும் கிலோவிலும் தராசு காட்டுவதிலும் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். ஆரம்பத்தில் நான் 40க்கு 30க்கு 8 அளவில் அழகான பெட்டி வாங்கினேன். 440 கிராம் சேலைக்கு இரண்டு கிலோ கட்டணம் வந்தது. இப்போது 30க்கு 24க்கு 3 அளவில் மடித்து, மெல்லிய துணிப்பையில் போட்டு, தண்ணீர் புகாத கூரியர் கவரில் அனுப்புகிறேன். மொத்தம் 480 கிராம், அரைக் கிலோவுக்குள் அடங்கிவிடுகிறது. மடிப்புக்குள் கனமான அட்டை வைத்தால் அந்த எல்லை தாண்டிவிடும். அட்டையை எடுத்துவிட்டு எடை போட்டுப் பாருங்கள்.

3. மழை நாளில் கஞ்சி போட்ட சேலையை ஈரப்பதத்தோடு கவரில் அடைக்காதீர்கள். பூஞ்சை பிடித்துத் திரும்பினால் தப்பு நம்முடையது.

4. "ரிட்டர்ன் கிடையாது" என்று எழுதி வைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். 2020ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் விதிகளின்படி, குறையுள்ள பொருளையும், சொன்னதற்கு மாறான பொருளையும் திரும்ப வாங்க மறுக்க முடியாது. ஆகவே முன்கூட்டியே உள்ளதைச் சொல்லுங்கள். கைத்தறியில் சிறு முடிச்சும் இழை தடிப்பும் இருக்கும், அதைப் படத்தில் காட்டுங்கள். ஆனால் ஓட்டையும் கறையும் தறியின் இயல்பு ஆகாது. அவற்றுக்கு இருவழிக் கூரியரும் நாம் கொடுப்பதே நியாயம்.

எனக்கு அதிகம் திரும்பியது நிறத்தால்தான். டியூப்லைட்டில் அரக்கு சிவப்பாகத் தெரியும். இப்போது பணம் வாங்குமுன், வாசலில் பகல் வெளிச்சத்தில் முந்தி, உடல், கரை மூன்றையும் வீடியோ எடுத்து அனுப்புகிறேன். அதன்பின் திரும்பி வருவது வெகுவாகக் குறைந்துவிட்டது.

5. திரும்பிய சேலையைப் பிரித்தவுடனே ஓர் ஆளைக் கூட வைத்து, வெளிச்சத்தில் விரித்துப் பாருங்கள். தோள்பக்கம் பின் குத்திய துளை, கீழ்க்கரையில் மண், கொசுவ மடிப்பின் தடம், இவை உடுத்தியதைக் காட்டிவிடும். ஃபால் தைத்திருந்தாலோ ரவிக்கைத் துணியை வெட்டியிருந்தாலோ மாற்றிக் கொடுக்க மாட்டோம் என்பதை பில்லிலேயே அச்சிடுங்கள். லேபிளை முந்தியின் நடுவில் நூலால் கட்டுங்கள். அதை அறுக்காமல் உடுத்திப் போக யாருக்கும் மனம் வராது.